இஞ்சி பூண்டு விழுது: மேலே எண்ணெய் நின்றால் மட்டும் போதாது

போன சித்திரையில் என் மதினி 200 கிராம் உரித்த பூண்டும் 150 கிராம் இஞ்சியும் அரைத்து, ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்து, கண்ணாடிப் புட்டியில் அழுத்தி நிரப்பினார். மேலே அரை விரற்கடை உயரத்துக்கு நல்லெண்ணெய் ஊற்றி மூடினார். "இனி ஒரு மாதத்துக்குக் கவலையில்லை, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு அள்ளிப் போட வேண்டியதுதான்" என்றார். மதுரையில் பல வீடுகளில் நடப்பது இதுதான். அந்த ஒரு மாதக் கணக்கில்தான் எனக்குச் சம்மதமில்லை.

எண்ணெய் என்ன செய்கிறது? விழுதின் மேல் காற்றுப் படாமல் தடுக்கிறது. அதனால் மேற்பரப்பு காய்ந்து பழுப்பாகாது, பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது. ஆனால் காற்றில்லாத இடத்தில்தான் வளரும் கிருமி ஒன்று உண்டு. மண்ணில் இயல்பாகவே இருக்கும் அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம். பூண்டும் இஞ்சியும் மண்ணிலிருந்து வருபவை, புளிப்புக் குறைந்தவை. இவற்றை எண்ணெய்க்கடியில் புதைத்து வெதுவெதுப்பில் வைப்பது அதற்கு வீடு கட்டிக் கொடுப்பதுபோல. 1985இல் கனடாவின் வான்கூவரில், குளிரில் வைக்காத எண்ணெய்ப் பூண்டைச் சாப்பிட்டவர்களில் 36 பேருக்கு நஞ்சேறியது. இந்த நஞ்சுக்கு நாற்றமோ நிறமோ கிடையாது. முகர்ந்து பார்த்து முடிவெடுக்கும் நம் பழக்கம் இங்கே உதவாது.

உப்பு காப்பாற்றும் என்பது அடுத்த நம்பிக்கை. மதினியின் புட்டியையே கணக்கிடலாம். அந்த 350 கிராமில் ஏறத்தாழ 240 கிராம் நீர்தான். இந்தக் கிருமியை உப்பால் மட்டுமே அடக்க, அந்த நீரில் உப்பு பத்து சதவீதத்தை எட்ட வேண்டும்; அதாவது 27 கிராம், கிட்டத்தட்ட ஐந்து தேக்கரண்டி. அப்படிப் போட்டால் குழம்பு வாயில் வைக்க விளங்காது. ஒரு தேக்கரண்டி உப்பு மற்றக் கெடுதல்களைச் சற்றுத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஆகவே புட்டியை உண்மையில் காப்பது குளிர்தான்.

நாலு டிகிரியிலோ அதற்குக் கீழோ, தண்ணீர் விடாமல் அரைத்த விழுதுக்கு நான் தரும் கெடு ஒரு வாரம். எண்ணெய் ஊற்றியிருந்தால் நாலு நாளிலேயே தீர்த்துவிடுவேன். எண்ணெய் ஊற்றினால் நாள் கூடும் என்று நினைப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். காரணம் மேலே சொன்னதுதான். கடைப் பாக்கெட் மாதக்கணக்கில் நிற்கிறதே என்பார்கள். அதில் அமிலமும் பதப்பொருளும் அளந்து சேர்க்கப்படுகின்றன. வீட்டில் கண்ணளவாக வினிகர் விட்டுவிட்டு அதே உறுதியை எதிர்பார்க்க முடியாது.

மதினி புட்டியை வைத்திருந்தது ஃபிரிட்ஜ் கதவில். கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் சூடாகும் இடம் அது. போதாக்குறைக்கு அந்த வாரம் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் இல்லை. சித்திரை வெயிலில் அத்தனை மணி நேரத்தில் உள்ளே குளிர் எங்கே மிஞ்சும்? பத்தாம் நாள் மூடியைத் திருகியபோது 'புஸ்' என்று காற்று வெளியேறியது. எண்ணெய்க்கடியிலிருந்து சிறு குமிழிகள் ஏறின, லேசான புளித்த வாடை அடித்தது. "மேலாக அள்ளிவிட்டு அடியில் இருப்பதைப் போடலாமே" என்றார் மதினி. வேண்டாம் என்று புட்டியோடு குப்பைக்கு அனுப்பினோம். குமிழி, உப்பிய மூடி, கொழகொழப்பு, புளித்த வாடை, விளிம்பில் வெள்ளை அல்லது கருப்புப் பூஞ்சணம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முழுவதையும் கொட்ட வேண்டியதுதான்.

வீணாகக் கொட்டப்படுவதும் உண்டு. விழுது பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் பலர் பதறுகிறார்கள். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வினைபுரிவதால் வரும் நிறம் அது. புளிப்புப் பட்டால் இன்னும் எடுப்பாகத் தெரியும். நாள் தாண்டாமல், வேறு கோளாறும் இல்லையென்றால் தாராளமாகச் சமைக்கலாம். மேலே மட்டும் லேசாகப் பழுப்பாகியிருப்பதும் காற்றுப் பட்டதன் விளைவே.

இப்போது மதினி இஞ்சியைக் கழுவி, துணியில் ஒற்றி, ஈரம் போக உலர்த்திய பிறகே மிக்சியில் போடுகிறார். ஒரு வாரத்துக்கான விழுது சின்னக் கிண்ணத்தில், எண்ணெய் இல்லாமல், ஃபிரிட்ஜின் உள்தட்டில் இருக்கிறது. அதற்கு உலர்ந்த கரண்டி மட்டும். மிச்சத்தை அரைத்த கையோடு ஐஸ் தட்டின் குழிகளில் நிரப்பி உறைய வைத்து, கட்டிகளை மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃபிரீசருக்குள் வைத்துவிடுகிறார். இரண்டு மூன்று மாதம் மணம் குறையாமல் நிற்கிறது. அரைக் கிலோ ஆட்டுக்கறிக்கு இரண்டு கட்டி. உருகக் காத்திருக்காமல் அப்படியே காய்ந்த எண்ணெயில் போடுகிறார். கொஞ்சம் தெறிக்கும், தள்ளி நிற்க வேண்டும்.