சம்பளக்காரருக்கு ஓவர்டைம் உண்டா? அமெரிக்கச் சட்டப்படி சரிபார்க்கும் முறை

"உனக்குத்தான் சம்பளம் வருகிறதே, அப்புறம் என்ன ஓவர்டைம்?" அமெரிக்காவில் பல முதலாளிகள் இப்படிச் சொல்வதுண்டு. 1938-ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் ஒன்றரை மடங்கு கூலி என்பதே பொது விதி. சம்பளம் வாங்குபவருக்கு ஓவர்டைம் தர வேண்டாம் என்ற விலக்கு பொருந்த, பொதுவாக அவர் மூன்று சோதனைகளிலும் தேற வேண்டும்.

ஒரு கடையில் உதவி மேலாளர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 40 மணி நேர வேலைக்கு வாரச் சம்பளம் 800 டாலர். இந்த வாரம் 50 மணி நேரம் உழைத்திருக்கிறார்.

படி 1: தொகை. சம்பளம் வாரம் 684 டாலருக்குக் குறையக் கூடாது. 2024-இல் இந்த வரம்பை உயர்த்தினார்கள். அந்த நவம்பரிலேயே டெக்சாஸில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதனால் பழைய 684 டாலர் வரம்பே நிற்கிறது, நம்மவர் அதைத் தாண்டிவிட்டார். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் வரம்பு இன்னும் அதிகம் என்பதால் உங்கள் மாநில விதியையும் பாருங்கள்.

படி 2: சம்பளம் வரும் விதம். வேலை கூடினாலும் குறைந்தாலும் வாரத் தொகை மாறக் கூடாது. அரை நாள் சொந்த வேலையாகப் போனதற்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்கிறார்களா? அப்படியென்றால் விலக்கு ஆட்டம் காண்கிறது. 2023-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், கடல் எண்ணெய்த் தளத்தில் வேலை பார்த்தவர் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார். ஆனால் அது நாள் கூலிக் கணக்கில் வந்த பணம். அவருக்கும் ஓவர்டைம் உண்டு என்றே தீர்ப்பானது.

படி 3: உண்மையில் செய்யும் வேலை. பெரும்பாலான தகராறு இங்கேதான். பதவிப் பெயரை மறந்துவிடுங்கள். நிர்வாகி என்ற விலக்குக்கு, நிர்வகிப்பதே முதன்மை வேலையாக இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு முழுநேர ஊழியர்களை நடத்த வேண்டும். ஆளெடுப்பதிலும் நீக்குவதிலும் அவர் சொல் எடுபட வேண்டும். ஒரு வாரம் என்னென்ன செய்தார் என்று நேரத்தோடு எழுதிப் பார்ப்பது நல்லது. ஆனால் கல்லாவில் நின்ற நேரம் அதிகம் என்பதற்காக மட்டும் விலக்கு போய்விடாது. கடையின் பொறுப்பு அப்போதும் அவர் கையில்தான் இருந்ததா என்பதையும் பார்ப்பார்கள். நம்மவர் அலமாரி அடுக்குகிறார், கல்லாவில் நிற்கிறார். ஷிப்ட் போடுவதும் ஆளெடுப்பதும் மேலாளர். இங்கே அவர் தேறவில்லை, அதனால் ஓவர்டைம் உண்டு.

படி 4: கணக்கு.

```
800 ÷ 40 = 20
20 × 1.5 = 30
30 × 10 = 300
```

அந்த வாரம் 300 டாலர் கூடுதலாக வர வேண்டும். "அடுத்த வாரம் 30 மணி நேரம் மட்டும் வா, சரியாகிவிடும்" என்று தனியார் நிறுவனம் ஈடுகட்ட முடியாது. ஒவ்வொரு வாரமும் தனிக் கணக்கு. பழைய பாக்கியை வழக்குப் போட்டுக் கேட்க 2 ஆண்டு அவகாசம். முதலாளி தெரிந்தே மீறியிருந்தால் 3 ஆண்டு.