1944-இல் சென்னையில் பிறந்தவரின் நேரத்தை மென்பொருளில் பதிவது எப்படி?

மயிலாப்பூரில் பிறந்த ஒரு பாட்டியின் ஜாதகத்தைக் கணிப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய தகப்பனார் நோட்டுப் புத்தகத்தில் “12-3-1944, காலை மணி 6.50” என்று எழுதியிருக்கிறார். அப்படியே மென்பொருளில் இட்டால் மீன லக்னம் வருகிறது. வீட்டில் இருக்கும் பழைய ஜாதகக் கட்டத்திலோ லக்னம் கும்பம். பலரும் இந்த இடத்தில்தான் பழைய ஜோதிடர் தவறிவிட்டார் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் தவறு பெரும்பாலும் நம் பதிவில்தான் இருக்கும்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. ஆகவே அந்நாளில் சுவர்க்கடிகாரம் காட்டிய 6.50 என்பது இந்தியத் திட்ட நேரப்படி 5.50 மட்டுமே.

முதலில் தேதியைப் பதியுங்கள். சில மென்பொருள்கள் மாதத்தை முன்னால் கேட்கும். அங்கே 12/03 என்று இட்டால் அது டிசம்பர் 3 ஆகிவிடும். மாதத்தைப் பெயராகத் தேர்ந்தெடுக்க வழியிருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அடுத்து ஊர்: பட்டியலில் Chennai என்று தேர்ந்தால் அட்சரேகை 13 பாகை வடக்கு, தீர்க்கரேகை 80 பாகை 16 கலை கிழக்கு என்பதற்கு அருகில் வரவேண்டும். மயிலாப்பூரா மாம்பலமா என்பதால் லக்னம் மாறிவிடாது, அதில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

மூன்றாவது படியில்தான் கவனம் தேவை. நோட்டில் உள்ள நேரத்தை மாற்றாமல் 6.50 என்றே இட்டு, திருத்தத்தை அதற்குரிய கட்டத்தில் கொடுங்கள்:

```
Date       12 Mar 1944
Time       06:50:00
Time Zone  +05:30
DST        1:00
```

DST என்ற கட்டமே இல்லாவிட்டால் Time Zone-இல் `+06:30` என்று இடலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யக்கூடாது, நேரத்தை 5.50 என்று நீங்களே குறைத்துவிட்டு DST-ஐயும் இட்டால் ஒரு மணி நேரம் இருமுறை கழிந்துவிடும். சில மென்பொருள்கள் தேதியைப் பார்த்துத் தாமாகவே இந்த ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளும், சில கழிக்காது. எது நடந்தது என்பதை அறிய, கணித்த பின் திரையில் காட்டப்படும் UTC அல்லது GMT நேரத்தைப் பாருங்கள். மார்ச் 12, 00:20 என்று இருந்தால் சரி. 01:20 என்றால் போர்க்காலத் திருத்தம் சேரவில்லை. மார்ச் 11, 23:20 என்றால் இருமுறை கழிந்திருக்கிறது.

இனி ஒரு சிக்கல். அக்காலத்தில் எல்லோரும் புது நேரத்தையே எழுதி வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. பழக்கத்தால் பழைய நேரத்தையே குறித்தவர்களும் இருந்திருக்கலாம். அப்படியானால் திருத்தமே கூடாது. இதைத் தீர்த்துவைப்பது பழைய ஜாதகத்தில் எழுதியிருக்கும் உதயாதி நாழிகை. சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுவதால், அரசாங்கம் கடிகாரத்தை என்ன செய்தாலும் அது அசையாது.

அன்று சென்னையில் உதயம் திட்ட நேரப்படி ஏறத்தாழ 6.19. பிறப்பு 5.50 என்றால், முந்தைய நாள் உதயத்திலிருந்து 23 மணி 31 நிமிடம் ஆகியிருக்கும். ஒரு நாழிகைக்கு 24 நிமிடமாக வகுத்தால் 58¾ நாழிகை. பிறப்பு உண்மையிலேயே திட்ட நேரம் 6.50 ஆக இருந்தால், அது உதயத்திற்குப் பின் ஒன்றேகால் நாழிகை. ஜாதகத்தில் 58 என்று தொடங்கும் எண் இருந்தால் கேள்விக்கே இடமில்லை. பஞ்சாங்க வழக்கில் உதயம் வரை முந்தைய கிழமைதான் என்பதால், அங்கே சனிக்கிழமை என்று எழுதியிருப்பதும் ஆங்கிலத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுவதும் முரண்பாடல்ல.

நாழிகைக் குறிப்பு இல்லையென்றால் கட்டத்தையே கேளுங்கள். சரியான பதிவில் லக்னமும் சூரியனும் இரண்டுமே கும்பத்தில் நிற்கும். தவறான பதிவில் லக்னம் மீனத்துக்கு நகர்ந்து, சூரியன் பன்னிரண்டாம் இடத்தில், அதாவது ஏற்கெனவே உதித்தவனாக, இருப்பான். “இன்னும் வெளுக்கவில்லை, விளக்கு வைத்துத்தான் குளிப்பாட்டினார்கள்” என்று அத்தை ஒருவர் சொல்லக் கேட்டிருந்தால் அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நாழிகைக்கு அடுத்தபடியாகத்தான்.

1906 ஜனவரி 1-க்கு முன் பிறந்த முன்னோருக்கு இந்தியத் திட்ட நேரமே பொருந்தாது. சென்னை நேரமான `+05:21` என்று இடவேண்டும். DST சுழியமாக இருக்கட்டும். 1945-க்குப் பின் சென்னையில் பிறந்த எவருக்கும் `+05:30` மட்டும் போதும். உள்ளூர் நேரத்தைக் குறிக்கும் LMT என்ற தேர்வைத் தொட வேண்டாம், தீர்க்கரேகை வித்தியாசத்தை மென்பொருளே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.