ஸ்டிர்லிங் எஞ்சின்ல ரீஜெனரேட்டர் என்னதான் பண்ணுது? பேப்பர் பேனா எடுங்க, போட்டுப் பாத்துடலாம்

ஸ்டிர்லிங் எஞ்சின்னா உள்ள அடைச்ச காத்த வெளியிலேர்ந்து சூடாக்கி, குளிரவச்சு, அது விரிஞ்சு சுருங்கறதுல வேலை எடுக்கற எஞ்சின். ரீஜெனரேட்டர்னா சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் நடுவுல காத்தோட சூட்ட வாங்கி வச்சு திரும்பக் குடுக்கற பார்ட். இந்த எஞ்சின் பத்தி தேடினா எல்லா எடத்துலயும் "ரீஜெனரேட்டர் பர்ஃபெக்டா இருந்தா எஃபிஷியன்சி கார்னோ எஞ்சினுக்கு சமம்"னு ஒரு வரி வரும், அதோட முடிச்சுடுவாங்க. கார்னோ எஞ்சின்னா, ரெண்டு வெப்பநிலைக்கு நடுவுல ஓடற எந்த எஞ்சினும் தாண்ட முடியாத எஃபிஷியன்சி உள்ள கற்பனை எஞ்சின். ஏன் சமம், அத ஏன் தாண்ட முடியாது, அந்த "பர்ஃபெக்ட்"னா என்ன அர்த்தம்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. ஒருநாள் நம்பர் போட்டு உக்காந்தப்போதான் வெளங்குச்சு, அதே வழியில இங்க போறேன்.

ஒரு சின்ன சமாச்சாரம் முதல்ல. ஸ்காட்லாந்துல பாதிரியாரா இருந்த ராபர்ட் ஸ்டிர்லிங் இதுக்கு பேட்டன்ட் போட்டது 1816. கார்னோ தன்னோட புத்தகத்த வெளியிட்டது 1824. அதாவது எஃபிஷியன்சிக்கு ஒரு எல்லை இருக்குன்னு யாரும் சொல்றதுக்கு 8 வருஷம் முன்னாடியே இந்த மனுஷன் அத தொடுற வழிய கண்டுபுடிச்சு வச்சிருக்காரு. அவரு ரீஜெனரேட்டருக்கு வச்ச பேரு எகானமைசர், எரிபொருள மிச்சம் புடிக்கிறதுன்னு அர்த்தம். அந்தப் பேருதான் சரியான பேருன்னு கடைசில நீங்களே சொல்லுவீங்க.

ஸ்டெப் 1: நம்பர் எடுத்துக்கோங்க

சிலிண்டருக்குள்ள 1 மோல் காத்து. சூடான பக்கம் 600 கெல்வின், குளிர்ந்த பக்கம் 300 கெல்வின். காத்தோட அளவு விரிஞ்சா ரெண்டு மடங்கு ஆகும், சுருங்கினா பழையபடி. கெல்வின்லதான் போடணும், இதுல நெறைய பேரு வழுக்குவாங்க: 327 டிகிரி, 27 டிகிரின்னு செல்சியஸ்லயே போட்டீங்கன்னா 92% வரும், பாத்து சந்தோஷப்படலாம் ஆனா தப்பு.

ஸ்டெப் 2: நாலு நகர்வு

காத்து 600லயே இருந்துகிட்டு விரியுது, அப்ப ஹீட்டர்லேர்ந்து சூடு வாங்கி அப்படியே வேலையா தருது. அப்புறம் அளவு மாறாம 300க்கு குளிருது. அப்புறம் 300லயே இருந்துகிட்டு சுருங்குது, இதுக்கு நாம வேலை குடுக்கணும், அந்த சூடு கூலருக்குப் போகும். கடைசியா அளவு மாறாம திரும்ப 600க்கு சூடாகுது. கீழ கணக்குல R வாயு மாறிலி, Th சூடான பக்கம், Tc குளிர்ந்த பக்கம், ln2 அளவு ரெண்டு மடங்கு ஆகறதால வர்ற 0.693, Cv அளவு மாறாம 1 மோல் காத்த 1 டிகிரி ஏத்த வேண்டிய சூடு.

```
விரியும்போது   = R·Th·ln2 = 8.314 × 600 × 0.693 ≈ 3458 J
சுருங்கும்போது = R·Tc·ln2 = 8.314 × 300 × 0.693 ≈ 1729 J
நிகர வேலை     = 3458 − 1729 = 1729 J
சூடேத்த/குளிர்விக்க = Cv × 300 = 20.8 × 300 = 6240 J
```

அந்த கடைசி வரிய ரெண்டு தடவ பாருங்க. நமக்குக் கெடைக்கிற வேலை 1729, ஆனா ஒவ்வொரு சுத்துலயும் காத்த 300லேர்ந்து 600க்கு ஏத்தவே 6240 வேணும், மூணரை மடங்குக்கும் மேல! ரீஜெனரேட்டர் இல்லன்னா அதையும் ஹீட்டர்தான் குடுக்கணும், அப்ப எஃபிஷியன்சி 1729 ÷ 9698, அதாவது 17.8%. கார்னோ எல்லை என்னன்னா 1 − 300/600 = 50%. எவ்வளவு தூரம் பாருங்க.

ஸ்டெப் 3: ஒரே ஒரு இரும்புக் கட்டி வச்சுப் பாக்கலாம்

இப்ப சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் நடுவுல ஒரு பெரிய உலோகக் கட்டி வைங்க, காத்து ரெண்டு தடவையும் அது வழியாத்தான் போகணும். கட்டி 450ல நிக்கும். 600ல வர்ற காத்து அதுகிட்ட சூட்டக் குடுத்துட்டு 450 வரைக்கும்தான் எறங்க முடியும், மிச்சம் கூலருக்கு தண்டம். திரும்பி வரும்போது 300லேர்ந்து 450 வரைக்கும்தான் ஏற முடியும், மிச்சத்த ஹீட்டர் குடுக்கணும். பாதி சூடு மிச்சம், எஃபிஷியன்சி 26.3%.

ஏன் பாதிதான்? குளிக்க வெந்நீர் விளாவுற கதைதான். கொதிக்கிற தண்ணியையும் பச்சைத்தண்ணியையும் கலந்துட்டா வெதுவெதுன்னு ஒண்ணு கெடைக்கும், சூடு எங்கயும் போகல, ஆனா திரும்ப கொதிக்கிறத தனியா பிரிச்சு எடுக்க முடியுமா? 600ல இருக்கற காத்து 450ல இருக்கற கட்டிய தொட்ட அந்த நொடியே விளாவியாச்சு.

ஸ்டெப் 4: கட்டிய அடுக்கா வெட்டுங்க

இதுதான் மொத்த விஷயமே. ஒரு கட்டிக்கு பதிலா ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத ரெண்டு அடுக்கு, ஒண்ணு 500ல, இன்னொண்ணு 400ல. காத்து எறங்கும்போது 600, 500, 400ன்னு படி எறங்கும், திரும்பும்போது 300, 400, 500ன்னு அதே படியில ஏறும். மூணுல ரெண்டு பங்கு சூடு திரும்பக் கெடைக்குது. N அடுக்கு போட்டா மிச்சமாகற பங்கு N/(N+1), நீங்களே வரைஞ்சு பாத்தா தெரியும்.

9 அடுக்கு போட்டா 90% மிச்சம், ஹீட்டர் கூடுதலா 624 ஜூல்தான் குடுக்கணும், எஃபிஷியன்சி 42.4%. 99 அடுக்கு போட்டா 49.1%. காத்துக்கும் அது தொடுற அடுக்குக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்க: ஒரு கட்டில 150 டிகிரி, 9 அடுக்குல 30, 99ல வெறும் 3. பர்ஃபெக்ட் ரீஜெனரேட்டர்னா அந்த வித்தியாசம் பூஜ்யம், காத்து எந்த எடத்துலயும் தன்னோட சூட்டுலயே இருக்கற அடுக்கத்தான் தொடும், விளாவறதே நடக்காது. அப்ப வெளியிலேர்ந்து சூடு வர்றது 600ல மட்டும், வெளிய போறது 300ல மட்டும். 1729 ÷ 3458 = 50%.

கவனிச்சீங்களா, இந்த எல்லா கணக்குலயும் வேலை 1729தான், மாறவே இல்ல. ரீஜெனரேட்டர் பவர கூட்டறதில்ல, எரிபொருள கொறைக்குது. அதான் எகானமைசர்.

ஸ்டெப் 5: 50ஐ தாண்ட முடியாதா?

விளாவல் எங்கயுமே இல்லாததால நம்ம எஞ்சின அப்படியே ரிவர்ஸ்ல ஓட்டலாம்: 1729 வேலை குடுத்தா, குளிர்ந்த பக்கத்துலேர்ந்து 1729 எடுத்து சூடான பக்கத்துல 3458 சேக்கும். இப்ப ஒருத்தர் அதே 600க்கும் 300க்கும் நடுவுல 55% எஞ்சின் கொண்டு வர்றாருன்னு வைங்க. அது 3458 எடுத்து 1902 வேலை தரும். அதுல 1729ஐ எடுத்து நம்ம எஞ்சின ரிவர்ஸ்ல ஓட்டினா சூடான பக்கத்துக் கணக்கு நேராயிடும், கையில 173 ஜூல் மிச்சம், அது வந்தது முழுக்க குளிர்ந்த பக்கத்துலேர்ந்து. கடல்தண்ணிய குளிர்வச்சே கப்பல் ஓட்டற கதை, நடக்காது. அதனால 50தான் எல்லை, நம்ம எஞ்சின் சரியா அதுல நிக்குது.

நிஜத்துல என்ன ஆகும்

அடுக்கு அதிகமானா நல்லதுன்னு மெல்லிசான கம்பி வலைய வட்டமா வெட்டி நூத்துக்கணக்குல அடுக்குவாங்க. ஒரே குழாயா இல்லாம தனித்தனி வலையா இருக்கறதுக்குக் காரணம், உலோகம் வழியா சூடு நீளவாக்குல ஓடிடக்கூடாது, ஓடிட்டா எல்லா அடுக்கும் மெதுவா 450க்கு வந்து மறுபடி ஒரே கட்டி ஆயிடும். ஆனா வலை ரொம்ப நெருக்கமா இருந்தா காத்து புகவே கஷ்டப்படும், அத தள்ளறதுலயே வேலை போயிடும். இந்த இழுபறியாலதான் பர்ஃபெக்ட் எங்கயும் வராது.

உங்க மாடல்ல ரீஜெனரேட்டர் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க கூலர் தண்ணிய அளங்க. நம்ம கணக்குல பர்ஃபெக்டா இருந்தா ஒரு சுத்துக்கு 1729தான் தண்ணிக்குப் போகும், 90%னா 2353. தண்ணில ஏறுற சூடு நீங்க போட்ட கணக்கவிட நெறைய இருந்தா முதல் சந்தேகம் வலை மேலதான், அதுலயும் வலைக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கற இடைவெளி மேல, காத்து சோம்பேறி, சந்து கெடைச்சா வலைய தொடாமலேயே போயிடும்.