திருச்சி அக்காவுக்கு ஒரு யூபிஐ கியூஆர்: யாழ்ப்பாணத்தில் இருந்து செய்ததும் சரிபார்த்ததும்

என் பெரியம்மாவின் மகள் திருச்சியில் கல்யாணம் கட்டி அங்கேயே இருக்கிறா. வீட்டில் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் வறுத்து இடித்து விற்கிறா. வாங்குகிறவர்கள் எல்லாரும் வட்ஸ்அப்பில்தான் கேட்பார்கள். போன கிழமை அழைத்து, "தம்பி, ஒவ்வொருத்தருக்கும் ஐடி சொல்லி, காசு எவ்வளவெண்டு சொல்லி வாய் வலிக்குது. தொகையும் சேர்த்து ஒரு கியூஆர் செய்து தாவன்" என்றா. கோண்டாவிலில் இருந்து அதைச் செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன்.

முதலில், இங்கே கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யூபிஐ என்பது இந்திய வங்கிக் கணக்குகளுக்கு இடையில் போனால் காசு அனுப்பும் முறை. யாழ்ப்பாணத்து வங்கிக் கணக்குக்கு யூபிஐ ஐடி எடுக்க முடியாது, அதனால் கீழே வரும் கியூஆர் இங்குள்ள கடைக்கு உதவாது. நல்லூருக்கு வரும் இந்தியச் சனம் "ஜிபே இருக்கா?" என்று கேட்டால் நீங்கள் காட்ட வேண்டியது இலங்கைக் கடைகளுக்கான பொதுக் கியூஆரான லங்காகியூஆர். 2024 பெப்ரவரி 12 முதல் இலங்கையில் யூபிஐ கொடுப்பனவுக்கு வழி திறந்திருக்கிறது. அந்த வசதி உள்ள இந்திய ஆப்பில் அவர்கள் லங்காகியூஆரை ஸ்கான் செய்தால், அவர்கள் கணக்கில் இந்திய ரூபாய் கழியும், உங்களுக்கு இலங்கை ரூபாய் வரும். இந்தியாவில் இருக்கும் மச்சானின் யூபிஐ கியூஆரை அச்சடித்து இங்கே மேசையில் ஒட்டும் யோசனை சிலருக்கு இருக்கிறது. வேண்டாம். கடைக் காசு நாட்டுக்குள் வராமலே வேறொருவரின் கணக்கில் போய் விழும், நாளைக்கு அந்நியச் செலாவணிக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இனி அக்காவின் விடயம். "காசு கேட்டுக் கோரிக்கை அனுப்பினால் அவையின்ர போனில் தானாக வராதோ?" என்றுதான் முதலில் கேட்டா. முன்பு அப்படி ஒரு வழி இருந்தது. மோசடி கூடியதால், தனி ஆள் தனி ஆளுக்குக் கோரிக்கை அனுப்பும் முறையை 2025 ஒக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அக்காவினது வணிகக் கணக்கு அல்ல, ஆகவே தொகை எழுதிய கியூஆர்தான் வழி.

லிங்கை எழுதுவது

கியூஆர் படத்துக்குள் இருப்பது வெறும் ஒரு வரி எழுத்து. அந்த வரியைக் கையால் எழுதப் பழகினால், பிறகு எந்த ஆப் செய்து தந்த கியூஆரையும் வாசித்துப் பிழை பிடிக்கலாம். ஒருவர் அரைக் கிலோ தூள் கேட்டிருந்தார்: தூள் 480 ரூபாய், கூரியர் 60, மொத்தம் 540. வரி இப்படி:

```
upi://pay?pa=thoolkadai@examplebank&pn=Thool%20Kadai&am=540.00&cu=INR&tn=Bill%2017
```

ஐடியை இங்கே மாற்றி எழுதியிருக்கிறேன், இதற்குக் காசு போகாது. `pa` என்பது காசு போய்ச் சேரும் யூபிஐ ஐடி. `pn` பெயர். `am` தொகை, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். `cu` எப்போதும் `INR`. `tn` குறிப்பு. அதில் பில் இலக்கத்தைப் போட்டால் பிறகு யார் கட்டினார்கள் என்று தேடுவது சுகம்.

இடைவெளி விட முடியாது, அதன் இடத்தில் `%20` போட வேண்டும். இதைவிடக் கள்ளமான பிழை இரண்டு உண்டு. கடைப் பெயரில் `&` இருந்தால் ஆப் அந்த இடத்தோடு பெயர் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும், அதற்குப் பதில் `%26` எழுத வேண்டும். மற்றது `#`. நான் முதலில் பில் இலக்கத்தை `#17` என்று எழுதி, அதைத் தொகைக்கு முன்னால் வைத்திருந்தேன். `#` வந்தால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் கழன்றுவிடும். கியூஆர் திறந்தது, ஐடி சரி, பெயர் சரி, தொகை மட்டும் வெறுமை. கியூஆர் வேலை செய்ததால் பிழை இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இந்த வரியை வட்ஸ்அப்பில் அப்படியே ஒட்டினால் நீல எழுத்தாக மாறாது, தட்டினாலும் ஒன்றும் நடக்காது. வட்ஸ்அப் இதை லிங்க்காக எடுக்காது. அதனால்தான் படமாக்கி அனுப்ப வேண்டியிருக்கிறது.

கியூஆர் ஆக்குவது

கணினியில் லினக்ஸ் இருந்தால் `qrencode` போதும்:

```
qrencode -s 10 -m 4 -o bill17.png "upi://pay?pa=thoolkadai@examplebank&pn=Thool%20Kadai&am=540.00&cu=INR&tn=Bill%2017"
```

இரட்டை மேற்கோளை மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் முதல் `&` வந்த இடத்தில் கட்டளை முறிந்து, ஐடி மட்டும் உள்ள கியூஆர் வரும். `-m 4` என்பது சுற்றிவர விடும் வெள்ளை ஓரம். அழகுக்காக அதை வெட்டி எறிந்தால் சில கமெராக்கள் தடுமாறும்.

போனில் செய்பவர்கள், இணையம் இல்லாமல் ஓடும் ஒரு கியூஆர் ஆப்பில் 'எழுத்து' வகையைத் தெரிந்து இந்த வரியை ஒட்டலாம். 'இணைய முகவரி' வகையைத் தெரிந்தால் சில ஆப்கள் முன்னால் `http://` என்று தாங்களாகவே சேர்த்துவிடும், பிறகு எந்த யூபிஐ ஆப்பும் அதை ஏற்காது. இணையத்தில் இலவசமாகக் கியூஆர் செய்து தரும் தளங்களிலும் கவனம் தேவை. சில தளங்கள் உங்கள் வரியைக் கியூஆருக்குள் வைக்காமல், தங்கள் தளத்தின் குறுமுகவரி ஒன்றை வைக்கும். அது எங்கே போய் முடிகிறது என்பதை நாளைக்கு அவர்களால் மாற்ற முடியும். காசு வாங்கும் கியூஆருக்கு அது சரிவராது.

அனுப்ப முன் சரிபார்ப்பது

இதில் முதல் பாதியைத்தான் என்னால் யாழ்ப்பாணத்தில் இருந்து செய்ய முடிந்தது, என் போனில் யூபிஐ இல்லையே. ஆனால் அந்தப் பாதிக்கு யூபிஐ தேவையும் இல்லை. படத்தைச் சாதாரண கியூஆர் ஸ்கானரில் திறந்தால் உள்ளே இருக்கும் வரி தெரியும். அது `upi://pay?` என்றுதான் தொடங்க வேண்டும். `https` என்று தொடங்கினால் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். பிறகு `pa` வை எழுத்தெழுத்தாக, அக்காவின் ஆப்பில் இருந்து பிரதி எடுத்த ஐடியோடு ஒப்பிட்டேன். வாயால் சொல்லக் கேட்டு எழுதிய ஐடியோடு ஒப்பிடுவதில் பயனில்லை, ஏனென்றால் ஆங்கில B யும் D யும், M உம் N உம் காதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு எழுத்துப் பிழைத்து அந்த ஐடி வேறொருவருடையதாக இருந்துவிட்டால், காசு அவருக்குப் போய்விடும். திருப்பி எடுக்க வங்கிக்கும் முறைப்பாட்டுக்கும் அலைய வேண்டும்.

மற்றப் பாதியைத் திருச்சியில் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் செய்து தந்தார். அக்காவின் போனில் பார்க்கக் கூடாது, வேறு ஆளின் போனில், முடிந்தால் வேறு ஆப்பில் பார்க்க வேண்டும். அவர் ஸ்கான் செய்தார். தொகை 540 என்று வந்தது, மாற்ற முடியவில்லை. நல்லது. ஆனால் பெயர் 'தூள் கடை' என்று வரவில்லை, அத்தானின் முழுப்பெயர் வந்தது.

இது பிழையல்ல. `pn` இல் யாரும் எதையும் எழுதலாம், பிரதமரின் பெயரைக் கூட எழுதலாம். அதனால் 2025 ஜூன் 30 முதல், காசு அனுப்ப முன் வங்கிப் பதிவில் உள்ள பெயரையே ஆப்கள் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அக்காவின் ஐடி அத்தானின் கணக்கோடு இணைந்திருந்தது. சில வாடிக்கையாளர்கள் கடைசி நேரத்தில் "இது யார்?" என்று கேட்டு நின்றது இதனால்தானாம். ஆகவே படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தோம்: கட்டும்போது இன்ன பெயர் வரும், வேறு பெயர் வந்தால் கட்ட வேண்டாம். அத்தானுக்கு இதில் கொஞ்சம் பெருமை.

கடைசியாக ஒரு ரூபாய்ச் சோதனை. `am=1.00` என்று இன்னொரு கியூஆர் செய்து, பக்கத்து வீட்டுக்காரர் கட்டினார். அவருடைய போனில் பச்சை அடையாளம் வந்ததை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அக்காவின் பக்கம் வங்கிக் கணக்கு விபரத்தில் அந்த ஒரு ரூபாய் ஏறியிருக்கிறதா என்று பார்த்தோம். 'கட்டிவிட்டேன்' என்று காட்டும் ஸ்கிரீன்ஷொட்டை யாரும் போலியாகச் செய்யலாம், எனவே சாமான் அனுப்ப முன் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியது கணக்கைத்தான். பார்ப்பதற்கு அக்கா தன் ஆப்பில் பின் நம்பர் போட வேண்டி வரலாம். ஆனால் காசு வந்து சேர பின் நம்பர் தேவையில்லை. "காசு வாங்க பின் நம்பர் போடுங்கோ" என்று யாராவது சொன்னால் அது களவு.

வட்ஸ்அப்பில் போன பிறகு

அக்காவின் வாடிக்கையாளர் படத்தைத் தன் போனிலேயே வாங்குகிறார். தன் போனின் திரையைத் தன் போனாலேயே ஸ்கான் செய்ய முடியாது. படத்தைச் சேமித்து, யூபிஐ ஆப்பின் ஸ்கானரில் கலரியில் இருந்து எடுக்க வேண்டும். வயதானவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுப்படுவார்கள், ஆகவே இதையும் இரண்டு வரியில் படத்தோடு எழுதி அனுப்பச் சொன்னேன். கலரியில் இருந்து எடுக்கும் கியூஆருக்கு, பதிவு செய்த வணிகர் அல்லாதவர் என்றால், பொதுவாக 2000 ரூபாய்க்கு மேல் ஆப்கள் விடுவதில்லை. 540 போய்விடும். தீபாவளிக்கு மூன்று கிலோ கேட்கிறவருக்குப் படம் அனுப்பிப் பயனில்லை, அவருக்கு ஐடியை எழுத்தாகக் கொடுத்து, வரும் பெயரைப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்ல வேண்டும்.

இந்தக் கியூஆருக்குக் காலாவதி கிடையாது. பில் 17 இன் படத்தை அடுத்த மாதமும் ஒருவர் திறந்து 540 கட்டலாம், அதற்குள் மிளகாய் விலை ஏறியிருந்தாலும். அதனால் ஒவ்வொரு பில்லுக்கும் புதுப் படம்.

இங்கே யாழ்ப்பாணத்தில் லங்காகியூஆர் வைத்திருப்பவர்களும் இதே சாதாரண ஸ்கானரால் தங்கள் ஒட்டியைப் பார்க்கலாம். `upi` என்று வராது. `000201` என்று தொடங்கும் நீண்ட எண்வரிசை வரும். அதற்குள் இலங்கை ரூபாயைக் குறிக்கும் `5303144`, நாட்டைக் குறிக்கும் `5802LK`, இன்னும் தள்ளி உங்கள் கடைப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் இருக்கும். கடைப் பெயர் உங்களுடையது இல்லையென்றால், ஒட்டியின் மூலையை நகத்தால் கிளப்பிப் பாருங்கள், மேலே யாரோ இன்னொன்றை ஒட்டியிருக்கக் கூடும்.