மெகர் நல்லா காட்டியும் மோட்டர் எரியுதா? ட்ரைவில இருந்து எத்தனை மீற்றர் எண்டு அளந்து பாருங்கோ

வெள்ளவத்தையில ஒரு 12 மாடி ப்ளாட். மோட்டரின்ட வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ட்ரைவ் பேஸ்மெண்ட் பனலுக்குள்ள, தண்ணிக்கு பிரஷர் குடுக்கிற 5.5 கிலோவாட் பம்ப் மொட்டை மாடியில. எட்டு மாசத்துக்குள்ள ரெண்டு தரம் வைண்டிங் போய்ட்டுது, அதுக்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டவை. "தம்பி, எரியிறதுக்கு முதல் கிழமைதான் மெகர் அடிச்சுப் பாத்தனான், நல்லா காட்டினது. ஓவர்லோடும் இல்ல, தண்ணியும் உள்ள போகேல்ல" எண்டு மெயின்டனன்ஸ் பாக்கிற அண்ணை சொன்னார். அவர் சொன்னது முழுக்க சரி. நான் கேட்டது ஒண்டே ஒண்டுதான், கேபிள் எவ்வளவு நீளம்? டக்ட் வழியா சுத்திப்போய் 90 மீற்றர்.

முதல்ல என்ன நடக்குதெண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. ட்ரைவ் மோட்டருக்கு வழுவழுப்பான ஏசி அனுப்புறேல்ல, உள்ள இருக்கிற டிசியை வெட்டி வெட்டி பல்ஸா அனுப்புது, ஒவ்வொரு பல்ஸும் பூச்சியத்தில இருந்து முழு வோல்டேஜுக்கு ஏற எடுக்கிற நேரம் கிட்டத்தட்ட 0.1 மைக்ரோ செக்கன்தான். நீளக் குழாயில தண்ணி வேகமா ஓடேக்க கடைசியில உள்ள வால்வை டக்கெண்டு மூடினா "டொம்" எண்டு அடிக்கும் தானே, பம்ப் வேலை செய்யிற ஆக்களுக்கு நல்லாத் தெரியும். அதே கதைதான் இங்கயும். கேபிள் இந்த அலைக்குக் காட்டுற தடை, அதாவது சர்ஜ் இம்பீடன்ஸ், நூறு ஓம் அளவில இருக்கும், சின்ன மோட்டரோடது அதைவிட பல மடங்கு கூட, அதால அந்தப் பல்ஸுக்கு மோட்டர் ஒரு மூடின வால்வு மாதிரி. அலை முட்டித் திரும்புது, வந்ததும் திரும்பினதும் ஒண்டுக்கு மேல ஒண்டா கூடி மோட்டர் டெர்மினல்ல வோல்டேஜ் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுது.

மெகர் ஏன் பிடிக்கேல்ல? மெகர் பாக்கிறது வைண்டிங்குக்கும் எர்த்துக்கும் இடையில உள்ள இன்சுலேஷனை. இந்த அலை அடிக்கிறது சுத்துக்கும் சுத்துக்கும் இடையில. பல்ஸ் அவ்வளவு செங்குத்தா ஏறுறதால வோல்டேஜ் எல்லாச் சுத்துக்கும் சமமா பிரிய நேரம் இல்ல, பெரும்பகுதி லீட் வயருக்குக் கிட்ட இருக்கிற முதல் சில சுத்திலயே விழுது. எரிஞ்ச மோட்டரை வைண்டிங் கடையில பிரிக்கேக்க பக்கத்தில நிண்டு பாருங்கோ. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கருகி இருந்தா அது ஓவர்லோடாத்தான் இருக்கும், ஒரு பேஸின்ட தொடக்கச் சுத்தில மட்டும் புள்ளியா கருகி இருந்தா இந்த அலையைச் சந்தேகப்படோணும். எங்கட மோட்டர் ரெண்டாவது வகை.

சரி, இப்ப கணக்கு. கேபிளுக்குள்ள அலை போற வேகம் ஒளியோட வேகத்தில பாதி எண்டு எடுங்கோ, ஒரு மைக்ரோ செக்கனுக்கு 150 மீற்றர். அந்த வேகம் v, பல்ஸ் ஏறுற நேரம் tr எண்டா, எந்த நீளத்துக்கு மேல முழு அடி விழுமெண்டு, அதாவது Lc, இப்பிடிப் பாக்கலாம்:

```
Lc = v × tr / 2
   = 150 × 0.1 / 2 = 7.5 m
```

ஏழரை மீற்றர்தான்! கனபேர் நினைக்கிறது நூறு மீற்றருக்கு மேலதான் பிரச்சினை எண்டு.

அடுத்தது எவ்வளவு வோல்ட் அடிக்குதெண்டு. எங்கட 400 வோல்ட் சப்ளைக்கு டிசி பஸ் 565 வோல்ட் வரும், ட்ரைவ் ஸ்கிரீன்லயே பாக்கலாம். சின்ன மோட்டருக்கு அதை 1.9 ஆல பெருக்குங்கோ, 1070 வோல்ட். சாதாரண மோட்டருக்கு நீமா எம்ஜி 1 எண்ட அமெரிக்க மோட்டர் ஸ்டாண்டர்டின்ட 30ஆம் பகுதி குடுக்கிற எல்லை 1000 வோல்ட், அதோட ஏறுற நேரமும் 2 மைக்ரோ செக்கனுக்குக் குறையக்கூடாது. எங்களுக்கு ரெண்டுமே மீறுது. இன்வேர்ட்டர் ட்யூட்டி மோட்டர் எண்டா இதைவிடக் கூடத் தாங்கும், ஆனா அதை ஒருக்கா சாதாரண எனாமல் கம்பியில ரீவைண்ட் பண்ணிட்டா பிளேட்ல என்ன எழுதி இருந்தும் பிரயோசனம் இல்ல.

அளந்து பாக்க விரும்பினா மல்டிமீற்றரோ கிளாம்ப் மீற்றரோ சரிவராது, அதுகளுக்கு இந்த வேகம் தெரியாது. ஸ்கோப்பும் ஹை வோல்டேஜ் டிஃபரென்ஷியல் ப்ரோபும் வேணும். ஸ்கோப்போட சாதாரண ப்ரோபின்ட கிரவுண்ட் கிளிப்பை மோட்டர் டெர்மினல்ல கொழுவவே வேண்டாம், அது நேரா எர்த்துக்கு ஷோர்ட். ப்ரோபை மாட்ட முதல் ட்ரைவை ஓஃப் பண்ணி, அதில எழுதி இருக்கிற நேரம் வரைக்கும் காத்திருந்து, டிசி பஸ் இறங்கிட்டுதா எண்டு அளந்துட்டுத்தான் கை வையுங்கோ. எனக்கு 1060 வோல்ட் பீக் வந்தது, அதுக்குப் பின்னால நடுங்கி நடுங்கி அடங்கிற ஒரு அலை. அந்த நடுக்கத்தில ஒரு சுற்றுக்கு 2.4 மைக்ரோ செக்கன். அலை கேபிள்ல ஒருவழி போக 0.6 எடுக்கும், அதின்ட நாலு மடங்கு சரியா 2.4. அப்ப இது கேபிள் அலைதான், வேற ஒண்டுமில்ல.

இனி மருந்து. ட்ரைவை மேல கொண்டுபோய் மோட்டர் பக்கத்தில வைக்கிறதுதான் முதல் யோசினை, ஆனா மேல வெயில், மழை, கடல் உப்புக் காத்து, ரெண்டு வருசத்தில போர்ட் துருப்பிடிக்கும், அதை விட்டிட்டன். ட்ரைவ் ஒரு செக்கனுக்கு எத்தனை தரம் வெட்டுதெண்டு சொல்லுற கேரியர் 8 கிலோஹேர்ட்ஸ்ல கிடந்தது, 3க்கு இறக்கினன். இதால அடியின்ட உயரம் குறையாது, எத்தனை தரம் அடிக்குதெண்டதுதான் குறையும், அதால இது மட்டும் காணாது.

பில்டர்ல மூண்டு வகை பாப்பீங்கள். வெறும் அவுட்புட் சோக் ஏறுற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், 90 மீற்றருக்கு அதை நான் நம்பமாட்டன். வோல்டேஜ் ஏறுற வேகத்தைக் குறைக்கிற dv/dt பில்டர்ல சோக்கோட கப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் இருக்கும், இந்த மாதிரித் தூரத்துக்கு அதுதான் சரி. சைன் பில்டர் பல்ஸையே கிட்டத்தட்ட சைன் அலையா மாத்திடும், பல நூறு மீற்றர் போற குழாய்க்கிணறு மோட்டருக்கு அது வேணும், ஆனா விலை கூட, பாரம், வோல்டேஜும் கொஞ்சம் விழும், கேரியரையும் பில்டர்ல எழுதி இருக்கிறதுக்குக் கீழ இறக்கேலாது. சிலர் காசு மிச்சம் எண்டு பவர் ஃபக்டர் கப்பாசிட்டரை ட்ரைவ் அவுட்புட்ல போடுறவை. ட்ரைவ் அண்டைக்கே போயிடும்.

நான் எடுத்தது dv/dt. மோட்டர் பிளேட்ல 11 அம்பியர், அதால 12 அம்பியர் பில்டர். வாங்கேக்க கரண்டோட சேத்து அது தாங்கிற ஆகக்கூடின கேரியரையும் கேபிள் நீளத்தையும் பாருங்கோ. இதைப் பூட்டிறது மோட்டர் பக்கத்தில இல்ல, ட்ரைவ் பக்கத்தில, ரெண்டுக்கும் இடையில வயர் எவ்வளவு கட்டையோ அவ்வளவு நல்லது. பில்டர் நல்லா சூடேறும், அதால பனலுக்குள்ள மேல் பக்கம் காத்து போக இடம் விட்டன்.

பூட்டின பிறகு திரும்ப மொட்டை மாடிக்கு ஏறி ஸ்கோப்பை வச்சன். ஏறுற நேரம் 2 மைக்ரோ செக்கன், பீக் 860 வோல்ட். ஏன் 565க்கு வரேல்ல எண்டு அண்ணை கேட்டார். மேல உள்ள கணக்கில 0.1க்குப் பதிலா 2 போடுங்கோ, 150 மீற்றர் வரும், எங்கட 90 அதுக்குக் குறைவுதான், ஆனாலும் பாதியைத் தாண்டிட்டுது, அதால அலை கொஞ்சம் கூடத்தான் செய்யும். அந்த அளவை சாதாரண வைண்டிங் தாங்கும்.

ரெண்டு நாள் கழிச்சு திரும்ப கோல் வந்தது, பனலுக்குள்ள கீச்செண்டு சத்தம் வருதாம், வாட்சர் பயந்துட்டாராம். கேரியரை 3க்கு இறக்கினதால சோக் பாடுற சத்தம் அது. 4க்கு ஏத்தச் சொன்னன், ஓரளவு குறைஞ்சது.