ஊட்டி குளிர்ல ஓஎல்இடி டிவி: லோகோ தடம் விழாம பாத்துக்கறது எப்படி

ஓஎல்இடி டிவில பின்னாடி தனியா லைட் கிடையாது, ஒவ்வொரு பிக்சலும் தானே எரியுது, எரிய எரிய தேயுது. நியூஸ் சேனல் லோகோ ஒரே மூலைல தினமும் மணிக்கணக்கா பளிச்னு நின்னா அந்த இடம் மட்டும் சீக்கிரம் தேஞ்சு, சேனல் மாத்தினாலும் மங்கலா தடம் தெரியும். அதான் பர்ன்-இன்.

முதல்ல சுவர் சுவிட்ச் பழக்கத்த மாத்துங்க. நம்ம மலைல இடி மின்னலுக்கு பயந்து ராத்திரி பிளக்க பிடுங்கிடறோம்ல, அங்கதான் பிரச்சனை. எல்ஜி மாதிரி டிவிங்க மொத்தமா 4 மணி நேரம் ஓடினப்புறம் ரிமோட்ல ஆஃப் பண்ணா, ஸ்டாண்ட்பைல கொஞ்ச நேரத்துல பிக்சல் தேய்மானத்த சமன் பண்ற ஒரு சின்ன பிக்சல் ரிஃப்ரெஷ்ஷ தானே ஓட்டும். கரண்ட் இல்லன்னா அது ஓடவே ஓடாது. இடி இடிக்கற அன்னிக்கு பிடுங்குங்க, மத்த நாள் விட்டுடுங்க.

அடுத்து லோகோ. மெனுல OLED Care இல்லன்னா Panel Care உள்ள Adjust Logo Brightness இருக்கும், அத High-ல வைங்க, அப்பதான் லோகோ அதிகமா மங்கும். படத்த லேசா நகத்திட்டே இருக்கற Screen Move இல்லன்னா Pixel Shift ஆன்ல இருக்கட்டும். கூடவே பிரைட்னஸ கொஞ்சம் குறைங்க, இங்க மஞ்சு மூடின மத்தியானத்துல கடைக்காரன் வெச்ச Vivid மோடு எதுக்கு?

ஸ்கிரீன் சேவர நம்பி மட்டும் இருக்காதீங்க. படம் மொத்தமா அசையாம நின்னாதான் அது வரும், நியூஸ் ஓடிட்டே இருந்தா லோகோ மட்டும் நின்னாலும் வராது. பாஸ் போட்டுட்டு டீ போட போறவங்களுக்கும் பாக்ஸோட ஹோம் ஸ்கிரீனுக்கும்தான் அது, பாக்ஸ்ல 5 நிமிஷம்னு வைங்க.

கோத்தகிரில மச்சானோட ஹோம்ஸ்டே ரிசப்ஷன்ல காலைல 7 மணிலேந்து ராத்திரி 10 வரைக்கும் ஒரே நியூஸ் சேனல், அப்புறம் மெயின் ஆஃப். ஒரு சாம்பல் கலர் படத்த ஃபுல் ஸ்கிரீன்ல போட்டு பாத்தோம், மூலைல லோகோவும் கீழ டிக்கர் பட்டையும் தெரிஞ்சுது. மெயின ஆன்லயே விட்டுட்டு சில நாள் சேனல மாத்தி மாத்தி போட சொன்னேன். லோகோ தடம் போயிடுச்சு, அது தற்காலிகமா தங்கின படம்தான். பட்டை போகல, அதுதான் நிஜ பர்ன்-இன்.

அப்படி தடம் போகாம நின்னா மட்டும் மெனுல இருக்கற பெரிய ரிஃப்ரெஷ்ஷ கைல ஓட்டுங்க. சுமார் ஒரு மணி நேரம் ஆகும், நடுவுல வெள்ளை கோடு வந்தா பயப்படாதீங்க, கரண்ட மட்டும் நிறுத்தாதீங்க. சோனி மேனுவல்ல ரூம் 10லேந்து 40 டிகிரிக்குள்ள இருக்கணும்னு இருக்கு, ஊட்டி ஜனவரி ராத்திரில ஹீட்டர் இல்லாத ரூம் அதுக்கு கீழ போயிடலாம், அதனால மத்தியானம் பண்ணுங்க. அதுவும் பேனல தேய்க்கற வேலைதான், வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல வேண்டாம். மச்சானோட பட்டை அதுல மங்கிச்சு, முழுசா போகல, தேஞ்ச பிக்சல் திரும்பி வளராதுல்ல. இப்ப ரிசப்ஷன்ல நியூஸ் காலைல ஒரு மணி நேரம்தான், மீதி நேரம் டிவி ஆஃப்.