மூன்று வார லீவில் பல் வைத்தியம்: ஊரிலா, கனடாவிலா?

டொராண்டோ வந்த புதிதில் பல் வலித்தால், வலியைவிடச் செலவு மதிப்பீட்டுச் சீட்டுதான் அதிகம் உறைக்கும். ஒன்டாரியோ அரசின் ஓஹிப் காப்பீட்டில் பெரியவர்களின் வழக்கமான பல் வைத்தியம் அடங்காது. கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனாலும் கேப்பும் சேர்த்தால் 2,000 டாலரைத் தாண்டிவிடும். சென்னையில் அதே வேலையை 20,000 ரூபாய்க்குள், அதாவது சுமார் 300 டாலரில் முடிக்கலாம். எப்படியும் ஊருக்குப் போகப் போகிறோம், டிக்கெட் காசைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

கையில் இருந்தது 18 நாள். முதல் வாரம் முழுக்கக் கல்யாண அலைச்சல். பத்தாம் நாள்தான் மருத்துவரிடம் போனேன். இரண்டு முறை உட்கார்ந்ததில் ரூட் கெனால் முடிந்தது. லேபிலிருந்து வந்த கேப் சரியாக உட்காரவில்லை, திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் விமான நாள் வந்துவிட்டது. தற்காலிகமாக அடைத்து, "அடுத்த முறை வரும்போது போட்டுக்கலாம் சார்" என்றார்கள். ஐந்து மாதம் கழித்து ஒரு சீடையைக் கடித்தேன். பல் நெடுக்காகப் பிளந்தது. குடைந்தெடுத்த கடைவாய்ப்பல்லுக்கு மேலே மூடி இல்லாவிட்டால் மெல்லும் அழுத்தத்தைத் தாங்குவது கடினம். பிளவு வேர் வரை இறங்கிவிட்டதால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

எழுத்தில் உத்தரவாதம் இருந்தது உண்மைதான். ஆனால் வேலையை இலவசமாகத் திருத்தித் தருவார்களாம், நான் அங்கே போய் உட்கார்ந்தால்! விமானச் செலவு என் தலையில்.

அதனால் வேலையை முதல் இரண்டு நாளிலேயே தொடங்குங்கள். கேப் போட்ட பிறகு ஊரிலேயே ஒரு வாரமாவது அதில் மென்று பாருங்கள். கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால், உயரத்தை அங்கேயே ராவிவிடச் சொல்லுங்கள்.

இம்பிளான்ட் வேறு கதை. எலும்பில் திருகும் டைட்டானியம் ஆணி பிடிக்கப் பொதுவாக மூன்று மாதமாவது ஆகும். அதன் பிறகுதான் ஆணியின் மேல் பல்லைப் பொருத்துவார்கள். சில வாய்களுக்கு உடனே பல் பொருத்தலாம் என்றாலும், பெரும்பாலோருக்கு இரண்டு பயணம். மிச்ச வேலையை இங்கே முடிக்கலாம் என்றால், ஆணியின் கம்பெனி, மாடல், அளவு, லாட் எண் ஒட்டிய அட்டை கையில் இருக்க வேண்டும். அது தெரியாவிட்டால் பொருந்தும் உதிரிப்பாகமோ திருப்புளியோ இங்குள்ள மருத்துவருக்குக் கிடைக்காமல் போகலாம். பாதியில் விட்ட வேலையை எடுத்துச் செய்யப் பலர் தயங்குவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. எக்ஸ்ரேக்களையும் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், டிக்கெட் போடும் முன் நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் பல் காப்பீட்டைப் படியுங்கள். காப்பீடு தொடங்கும் முன்பே இழந்த பல்லுக்கு மாற்றுப் பல் கட்ட சில திட்டங்கள் பணம் தராது. ஊரில் அவசரமாகப் பிடுங்கிவிட்டு வந்து வேலையில் சேர்ந்தவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.